வலப்பக்கம் அம்மா, இடப்பக்கம் மகள்

கேள்வி: காது கேளாத என் தம்பி சைகையில் பேசுவதை போனில் வீடியோ எடுத்தால், அதைத் தமிழில் எழுதித் தரும் செயலி உண்டா? பேச்சை எழுத்தாக மாற்றுவது இவ்வளவு நன்றாக வந்துவிட்ட பிறகும் இது மட்டும் ஏன் வரவில்லை?

உங்கள் தம்பி ஒரு சைகையைத் தனியாகக் காட்டினால் அது என்ன சொல் என்று ஓரளவு சரியாகச் சொல்லும் செயலிகள் உண்டு. அவர் இயல்பாகப் பேசிக்கொண்டு போவதைத் தமிழில் எழுதித் தரும் செயலி, அதுவும் மருத்துவரிடம் நம்பிக் காட்டக்கூடியது, இன்றைக்கு இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை நானே செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

என் அக்காவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. மதுரை செல்லூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். நான் மென்பொருள் வேலை பார்க்கிறேன். கடைக்கு வரும் புது ஆட்களிடம் ஒவ்வொன்றையும் அவள் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டுவதைப் பார்த்துப் பார்த்து, அவள் கையசைவைத் தமிழாக்கும் ஒரு நிரலை எழுதிவிட வேண்டும் என்று இறங்கினேன். ஏழெட்டு மாதம், வேலை முடிந்த மாலை நேரங்களில்.

முதல் பகுதி எதிர்பார்த்ததைவிட எளிதாக வந்தது. தையல் மெஷினுக்கு எதிரே போனை நிறுத்தி, கடையில் அன்றாடம் வரும் 40 சொற்களை எடுத்துக்கொண்டோம்: ரவிக்கை, லைனிங், அளவு, கழுத்து, நாளை, கொடு, முடிந்தது இப்படி. ஒவ்வொன்றையும் அக்கா 30 முறை காட்டினாள். மீடியாபைப் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் கைக்கு 21 புள்ளிகள் வீதம் குறிக்கும். உடம்பு, முகம் எல்லாம் சேர்த்தால் 543 புள்ளிகள். படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்தப் புள்ளிகள் நகரும் பாதையை மட்டும் கற்றுக்கொடுத்தால் போதும். புடவை நிறம், கடைச் சுவர், பின்னால் தொங்கும் துணிகள் எதுவும் குழப்பாது. ஆரம்பத்தில் நான் கைப் புள்ளிகளை மட்டும்தான் பயன்படுத்தினேன். இது பின்னால் முக்கியமாகும். பயிற்சியில் சேர்க்காத 200 புதிய வீடியோக்களை வைத்துச் சோதித்தபோது 186 சரியாக வந்தது. அன்று இரவு அக்கா தெருவில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

அடுத்த வாரம் திருமங்கலத்திலிருந்து அவளுடைய தோழி வந்தாள். அவளுக்கும் காது கேட்காது. அதே 40 சொற்களை ஐந்து முறை வீதம் காட்டச் சொன்னேன். 200-இல் 113 தான் சரி. அவள் இடது கைப் பழக்கம் உள்ளவள், அது ஒரு காரணம். வேகமும் வேறு. அதைவிடப் பெரிய காரணம், இருவரும் வேறு வேறு பள்ளி விடுதிகளில் வளர்ந்தவர்கள். ஏழெட்டுச் சொற்களுக்கு இருவரின் சைகையே வேறு. டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021-க்குள் 10,000 சொற்களுக்கு அகராதி வீடியோ வெளியிட்டுவிட்டது. ஆனால் அதற்கு முப்பது வருடம் முன்பே விடுதி வராந்தாவில் பேசிப் பழகியவர்களின் கை அந்த அகராதியைப் பார்த்து மாறிவிடாது. ஒருவரிடம் கற்ற நிரல் இன்னொருவரிடம் தடுமாறுவது இந்தத் துறையில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் முதல் சுவர். இது ஆட்களைக் கூட்டினால் குறையும் சிக்கல்.

ஆட்களைக் கூட்டினாலும் குறையாத சிக்கல் ஒரு சனிக்கிழமை மாலை வந்தது. ஓர் அம்மாவும் மகளும் ரவிக்கைத் துணி கொடுத்திருந்தார்கள். அம்மா மட்டும் வாங்க வந்திருந்தார். அக்கா சொன்னது இதுதான்: “உங்களுடையது முடிந்தது, மகளுடையது முடியவில்லை, நாளைக்கு அவளிடமே கொடுத்துவிடுகிறேன்.” ஐந்து நொடிகூட ஆகவில்லை. என் நிரல் திரையில் காட்டியது:

```
அம்மா  மகள்  முடிந்தது  முடிந்தது  நாளை  கொடு
```

ஆறு சொல்லும் சரி. படித்த அம்மா இரண்டு ரவிக்கையும் தயார் என்று நினைத்துக் கையை நீட்டினார்.

அந்த வீடியோவை நான் படம் படமாக நிறுத்திப் பார்த்தேன். அக்கா மூக்குத்தி இடத்தைத் தொட்டு அம்மா என்கிறாள், உடனே சுட்டுவிரல் தன் வலப்பக்கம் ஓர் இடத்தைக் காட்டுகிறது. மகள் என்கிறாள், விரல் இடப்பக்கம் போகிறது. அந்தக் கணத்திலிருந்து வலது என்றால் அம்மா, இடது என்றால் மகள். பிறகு வலப்பக்கம் திரும்பி ‘முடிந்தது’. இடப்பக்கம் திரும்பி அதே ‘முடிந்தது’, ஆனால் இம்முறை தலை இரண்டு முறை மறுப்பாக அசைகிறது, உதடு இறுகுகிறது. ‘இல்லை’ என்று கை எதுவும் சொல்லவில்லை, தலை சொல்லிவிட்டது. கடைசியில் ‘கொடு’ அவள் நெஞ்சருகே தொடங்கி இடப்பக்கம் போய் நிற்கிறது. நான், மகளுக்கு, கொடுக்கிறேன். இதே கை இடப்பக்கம் தொடங்கி நெஞ்சை நோக்கி வந்திருந்தால் மகள் எனக்குக் கொடுப்பாள் என்று ஆகியிருக்கும். தமிழில் ‘நான்’, ‘அவளிடம்’, ‘கிறேன்’ என்று மூன்று இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் செய்தி, இங்கே ஒரே அசைவின் திசையில் இருக்கிறது.

முகப் புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தேன். தலையசைவு ஏறக்குறைய அரை நொடி, அதாவது 15 படங்கள். அது ‘முடிந்தது’ தொடங்குவதற்குச் சற்று முன்பே தொடங்கி, ‘நாளை’ வரும் வரை நீள்கிறது. அப்படியானால் மறுக்கப்படுவது எது? வாசலில் யாரோ வந்ததும் அக்கா திரும்பிப் பார்த்தால் அதையும் என் நிரல் ‘இல்லை’ என்று எழுதியது. திசை இன்னும் கடினம். வலப்பக்கம் காட்டிய இடத்தில் படத்தில் எதுவுமே இல்லை, வெறும் காற்று. மூன்று நொடிக்கு முன் அந்தக் காற்றுக்கு ‘அம்மா’ என்று பெயர் வைக்கப்பட்டது என்பதை நிரல் நினைவில் வைத்திருக்க வேண்டும். அடுத்த வாடிக்கையாளர் வந்ததும் மறந்துவிட வேண்டும். ‘இந்த அசைவு இந்தச் சொல்’ என்று அட்டவணை போட்டுக் கற்றுக்கொடுக்கும் எந்த முறையிலும் இதற்கு இடமில்லை.

இவற்றோடு கண்ணுக்கு எட்டாத சிறு தொல்லைகளும் உண்டு. ஒரு சைகையிலிருந்து அடுத்ததற்குக் கை போகும் வழியில், சும்மா நகர்வதே இன்னொரு சைகையைப் போல் தெரியும். எங்கள் நிரல் அடிக்கடி நடுவில் ‘அளவு’ என்று செருகியது. ஆங்கில எழுத்துக்களை விரலால் எழுதிக் காட்டும்போது ஐந்து உயிரெழுத்துக்கும் இடது கையின் ஐந்து விரல் நுனிகளைத்தான் தொடுவோம். ட்யூப்லைட் வெளிச்சத்தில், கை கையை மறைக்கும்போது, தொட்டது எந்த நுனி என்று போன் கேமராவுக்குத் தெரிவதில்லை.

பேச்சு ஏன் வந்துவிட்டது என்று கேட்டீர்கள். 2022-இல் வெளியான விஸ்பர் என்ற பேச்சறி நிரலுக்கு 6,80,000 மணி நேர ஒலி கொடுக்கப்பட்டது, எல்லாம் எழுத்தோடு சேர்ந்தது. சைகை மொழிக்கு அன்றாடம் எழுதும் வடிவம் என்று ஒன்று இல்லாததால் அப்படித் திரட்ட எதுவும் கிடைப்பதில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் ஃபீனிக்ஸ் தொகுப்பு ஜெர்மன் தொலைக்காட்சியின் வானிலை அறிக்கை: ஒன்பது சைகையாளர்கள், 8,257 வாக்கியங்கள். அதில் கற்ற நிரல் மழையையும் மேகத்தையும் நன்றாகச் சொல்லும், ரவிக்கையைச் சொல்லாது. நமக்கு 2020-இல் வந்த இன்க்ளூட் தொகுப்பில் 263 சொற்களும் 4,287 வீடியோக்களும் உண்டு; அனைத்தும் தனிச் சொற்கள், வாக்கியம் இல்லை.

2023-இல் அமெரிக்க சைகை மொழிக்கு ஏறக்குறைய 1,000 மணி நேரமும் 2,500-க்கு மேற்பட்ட ஆட்களும் கொண்ட தொகுப்பு ஒன்றை உருவாக்கினார்கள். அதில் பயிற்றிய நிரலுக்கு வேறொரு தொகுப்பிலும் கூடுதல் பயிற்சி கொடுத்து, அந்த இரண்டாவது தொகுப்பின் வீடியோக்களில் சோதித்தபோது, மனித மொழிபெயர்ப்போடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று 100-க்கு அளக்கும் மதிப்பெண்ணில் சுமார் 12 கிடைத்தது. இதை நூற்றுக்குப் பன்னிரண்டு வாக்கியம் சரி என்று படிக்கக் கூடாது. சொல் வரிசை எவ்வளவு பொருந்துகிறது என்ற கணக்கு அது. அந்த மட்டத்தில் பேச்சு எதைப் பற்றியது என்பது பல நேரம் பிடிபடும், யார் என்ன செய்தார் என்பது தவறிப் போகும்.

இதில் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது ஒன்று உண்டு. என் நிரல் தவறும்போது உடைந்த சொற்களைத் துப்பும், பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும். இந்தப் பெரிய நிரல்களின் பின்பாதி, வாக்கியம் எழுதத் தெரிந்த மொழி நிரல். வீடியோ புரியாத இடத்தில் அது நிறுத்தாது, வழக்கமாக வரக்கூடிய ஒரு வாக்கியத்தைத் திருத்தமாக எழுதிவிடும். படிப்பவருக்கு எந்த அடையாளமும் தெரியாது.

இன்று நன்றாக நடப்பது எது என்றால், திருப்பிப் போட்ட அகராதி. தோழியின் அதே 200 வீடியோக்களில், ஒரே விடைக்குப் பதில் முதல் ஐந்து ஊகங்களைக் காட்டச் சொன்னபோது 171-இல் சரியான சொல் அந்த ஐந்துக்குள் இருந்தது. என் மனைவி அக்காவோடு பேசக் கற்றது இப்படித்தான். புரியாத சைகையைத் தானே போன் முன்னால் செய்து காட்டுவாள், ஐந்து சொல் வரும், எது பொருந்தும் என்று அவளுக்கே தெரிந்துவிடும். தேர்ந்தெடுப்பது மனிதராக இருக்கும் வரை இந்த நுட்பம் நல்ல துணை. கடையில் மட்டும் அதைக் கைவிட்டோம். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி, முகத்தை ஆட்டாமல் காட்டச் சொன்னால் ஓரளவு வேலை செய்தது. அக்கா இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள், “வாயைக் கட்டிக்கொண்டு பேசச் சொல்கிறாய்” என்று காட்டிவிட்டுப் பழைய காகிதக் கட்டை எடுத்துக்கொண்டாள்.

யாராவது உங்களிடம் செயலி ஒன்றைக் கொண்டுவந்தால், விளம்பர வீடியோவை விட்டுவிட்டு உங்கள் தம்பியையே அதன் முன் உட்கார வையுங்கள். நிறுத்தாமல், வழக்கமான வேகத்தில், இரண்டு பேர் வரும் ஒரு சம்பவத்தைச் சொல்லட்டும். அதில் ஒருவர் மற்றவருக்குப் பணம் கொடுக்கட்டும். பிறகு கொடுத்தவரையும் வாங்கியவரையும் மாற்றி அதையே சொல்லட்டும். மூன்றாவது முறை, கை அப்படியே இருக்க, தலையசைத்து மறுக்கட்டும். மூன்றுக்கும் ஒரே வாக்கியம் வந்தால் அது சொற்களைத்தான் பார்க்கிறது.

மருத்துவமனைக்குத்தான் கேட்கிறீர்கள் என்றால், சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நேரிலோ வீடியோ அழைப்பிலோ ஏற்பாடு செய்யுங்கள். அதுவும் முடியாத அவசரத்தில், வலி எங்கே, எப்போதிலிருந்து, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பதைத் தம்பியிடம் நீங்களே கேட்டு, தமிழில் எழுதி, அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள். எழுதியதை அவரிடம் ஒருமுறை சைகையில் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்த பிறகு.