கீமோவில் இருக்கும் அப்பாவுக்குப் பழம் கொடுக்கலாமா?

"அப்பாவுக்கு ஏஎம்எல் ரத்தப் புற்றுநோய். முதல் கீமோ முடிந்து, தொற்றை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் 300க்கு இறங்கிவிட்டது. பழம், தயிர் எதுவும் கூடாது, வேகவைத்தது மட்டும்தான் என்கிறார்கள். சாப்பாட்டையே ஒதுக்குகிறார். என்ன செய்வது?"

பழம் கொடுக்கலாம். ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, தோல் சீவி, உடனே சாப்பிடக் கொடுங்கள். வாழைப்பழம், ஆரஞ்சு வசதி. வெட்டி விற்கும் பழமும் கடை ஜூஸும் வேண்டாம்.

பச்சையாக எதுவும் கூடாது என்ற தடைக்கு ஆதாரம் பலவீனம். 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முதல் கீமோ பெற்ற 153 ஏஎம்எல் நோயாளிகளில் ஒரு பிரிவுக்கு வேகவைத்தது மட்டும், மற்றதற்குப் பச்சைப் பழம், காய்கறியும் உண்டு. கடும் தொற்று முதல் பிரிவில் 29%, இரண்டாவதில் 35%. புள்ளியியல்படி அது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் அவர்கள் காற்று வடிகட்டிய அறைகளில் இருந்தவர்கள். அதனால் வீட்டுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது; உங்கள் ஹெமட்டாலஜிஸ்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வீட்டில் நிஜமான ஆபத்து பெரும்பாலும் ஆறிப்போன சாப்பாட்டில்தான். இட்லி ஆவியில் வெந்தது, பயமில்லை. காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி மதியம்வரை மேடையில் இருந்தால் கிருமி பெருகிவிடும். இரண்டு மணி நேரம் தாண்டி வெளியே இருந்ததைக் கொடுக்காதீர்கள். குழம்பைச் சூடாக்கும்போது நடுவிலும் கொதிக்கிறதா என்று கிளறிப் பாருங்கள். முளைகட்டிய பயறு, ஹாஃப் பாயில், காய்ச்சாத பால் கூடாது. தயிர் என்றால் காய்ச்சிய பாலில் உறையூற்றி ஃப்ரிட்ஜில் வைத்தது. அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு.

காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் என்ன சாப்பிட்டார் என்று யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.