கட்டத்தின் எழுத்து சரி, இடம் எங்கேயோ: கேள்வி-பதில்

கேள்வி: ஸ்கேன் செய்த அட்டவணையை ஜெமினிக்குக் கொடுத்து, ஒவ்வொரு கட்டத்தின் எழுத்தையும் இடத்தையும் கேட்டேன். எழுத்து அச்சு அசலாக வருகிறது. பெட்டியை வரைந்து பார்த்தால் வேறெங்கோ விழுகிறது. ஏன்?

பெரும்பாலும் மாடல் சொன்னது சரி, நாம் படித்ததுதான் தப்பு. ஜெமினி தரும் `box_2d` என்பது `[ymin, xmin, ymax, xmax]`. அதாவது y முதலில். எண்கள் பிக்சலும் அல்ல. படம் எந்த அளவானாலும் 0 முதல் 1000 வரையிலான அளவுகோல்தான்.

ஏ4 தாளை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2480 × 3508 பிக்சல். விடை `[412, 105, 438, 390]` என்று வந்தால்:

```
x1 = 105 / 1000 * 2480   # 260
y1 = 412 / 1000 * 3508   # 1445
x2 = 390 / 1000 * 2480   # 967
y2 = 438 / 1000 * 3508   # 1537
```

அகலம் 707, உயரம் 92. ஒற்றை வரிக் கட்டத்துக்குப் பொருத்தமான வடிவம். x, y மாறிப் போனால் அகலம் 64, உயரம் 1000 என்று கம்பம் மாதிரி நிற்கும். பெட்டிகள் எல்லாம் நெட்டையாக இருந்தால் வேறு எதையும் தேடாதீர்கள், வரிசையை மாற்றுங்கள்.

கேள்வி: அதே கணக்கை Qwen2.5-VL-க்குப் போட்டேன், பொருந்தவில்லை.

பொருந்தாது. அது x-ஐ முதலில் சொல்லும், பிக்சலிலேயே சொல்லும். ஆனால் அது உங்கள் படத்தின் பிக்சல் அல்ல. மாடலுக்குள் போகும் முன் படத்தின் அகலமும் உயரமும் 28-இன் மடங்காகத் திருத்தப்படும். பெரிய படமென்றால் சுருங்கவும் செய்யும். உங்கள் படத்தின் அளவை அந்தத் திருத்திய அளவால் வகுத்து, அகலத்துக்குத் தனி விகிதம், உயரத்துக்குத் தனி விகிதம் என்று பெருக்குங்கள்.

கேள்வி: மேல் வரிசைகள் கச்சிதம். கீழே போகப் போகப் பெட்டி ஒரு வரிசை தள்ளிப் போகிறது.

நடுவில் காலிக் கட்டங்கள் இருக்கின்றனவா? மாடல் அளவுநாடா பிடித்து அளப்பதில்லை. ஆயத்தொலைவையும் எழுத்தைப் போலவே ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போகிறது. காலிக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் அடுத்ததன் எழுத்து முந்தியதன் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் `row`, `col` எண்ணையும் கேளுங்கள். காலியானால் `""` என்று தரச் சொல்லுங்கள். நீளமான அட்டவணையைக் கிடைமட்டத் துண்டுகளாக வெட்டி அனுப்பி, துண்டு தொடங்கும் y-ஐக் கடைசியில் கூட்டிக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், கோடு போட்ட அட்டவணைக்கு மாடலிடம் இடம் கேட்பதே வீண் வேலை. OpenCV-இல் கோடுகளைக் கண்டுபிடித்துக் கட்டங்களைப் பிரித்துக்கொண்டு, எழுத்தை மட்டும் மாடலிடம் கேளுங்கள். கோடில்லாத அட்டவணைக்குத்தான் இந்தப் பாடெல்லாம்.

கேள்வி: கைபேசிப் படத்தில் மட்டும் எல்லாமே 90 பாகை திரும்பி விழுகிறது.

காரணம், எந்தப் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும் என்று படத்தோடு வரும் EXIF குறிப்பு. Pillow-இல் `ImageOps.exif_transpose` போட்டு நிமிர்த்திச் சேமித்து, அந்தக் கோப்பையே அனுப்புங்கள், அதன் மேலேயே பெட்டியும் வரையுங்கள்.