சுவர், கண்ணாடி, ஷட்டர், மீன் தொட்டி: வைஃபை எங்கே தொலைகிறது? கேள்வி பதில்

வேளச்சேரி அடுக்ககவாசி: புது ஃபிளாட், மைவான் கட்டுமானம். ரூட்டர் ஹாலில் டிவி பக்கத்தில். 5 கிகாஹெர்ட்ஸில் சிக்னல் சோபாவில் -45 dBm, படுக்கையறை வாசலில் -58, கட்டில் மூலையில் -79. வாசலுக்கும் கட்டிலுக்கும் மூன்றே மீட்டர்தான் சார். சுவருக்குள்ள இருக்கிற கம்பி வலைதான் தடுக்குதா?

பாதிப் பழி கம்பிமேல் போகலாம், முழுதாகப் போகாது. சுவருக்குள் கம்பிகள் சாதாரணமாக 15 செ.மீ. போல இடைவெளி விட்டுக் கட்டப்பட்டிருக்கும். 5 கிகா அலையின் நீளம் 6 செ.மீ.க்குள், அந்தச் சந்து அதற்குத் தாராளம். பெரிதாகத் தின்பது கான்கிரீட்டும் அதற்குள் தங்கியிருக்கும் ஈரமும்தான். புதுச் சுவர் மாதக்கணக்கில் ஈரம் விட்டுக்கொண்டே இருக்கும். பழைய வீடுகளில் தூணும் உத்தரமும்தான் கான்கிரீட், நடுவில் செங்கல். மைவானில் அறைச் சுவர்கள் கிட்டத்தட்ட எல்லாமே கான்கிரீட். அதனால்தான் பக்கத்து அறையே வேறு ஊர் மாதிரி ஆகிறது.

உங்கள் எண்களையே பாருங்கள். வாசலுக்கும் கட்டிலுக்கும் வித்தியாசம் 21. dBm-இல் 10 குறைந்தால் சக்தி பத்தில் ஒன்று, 20 குறைந்தால் நூறில் ஒன்று. மூன்று மீட்டர் தூரம் மட்டும் இவ்வளவு எடுக்காது. வாசலில் நிற்கும்போது அலை திறந்த கதவு வழியே நேராக வருகிறது. மூலையில் சுவரைத் துளைத்தோ, எங்காவது மோதித் திரும்பியோதான் வரவேண்டும். இந்த வீட்டில் சிக்னலுக்கு வழி கதவுதான் என்று வைத்துக்கொண்டு ரூட்டரின் இடத்தை முடிவு செய்யுங்கள்.

அறைக் கதவுகள் எல்லாம் திறக்கும் நடைபாதையில், இரண்டு மீட்டர் உயரத்தில் வையுங்கள். ஃபைபர் பெட்டியை நகர்த்த வேண்டாம். அதன் லேன் துளையிலிருந்து கேட்-6 கேபிள் இழுத்து, இன்னொரு ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறையில் நடைபாதையில் மாட்டினால் போதும். கேபிளுக்காகச் சுவரில் காடி வெட்டாதீர்கள். மைவானில் சுவர்தான் பாரம் தாங்குகிறது, வெட்டினால் கம்பி அறுபடும். டிவிக்கும் தொலைபேசிக்கும் வார்க்கும்போதே குழாய் விட்டிருப்பார்கள், அதற்குள் இழுக்கலாம். கரண்ட் ஒயர் போகும் குழாயில் மட்டும் சேர்த்து விடாதீர்கள்.

அதே கேள்வியாளர்: கேபிள் வேண்டாம், சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் மெஷ் பெட்டி ஒன்றைக் கட்டில் பக்கத்தில் வைத்தால்?

-79 வாங்குகிற இடத்தில் வைத்தால் அந்தப் பெட்டிக்கே தீனி கிடைக்காது. போனில் கோடு முழுசாகத் தெரியும், வேகம் வராது. வாசலில், -58 கிடைத்த இடத்தில் வையுங்கள். அளக்கும்போது ஒரு விஷயம்: போனை ஐந்தாறு செ.மீ. நகர்த்தினாலே எண் ஏறி இறங்கும். அதே இடத்தில் கொஞ்சம் நகர்த்தி நகர்த்தி நாலைந்து முறை பார்த்து நடு எண்ணை எடுங்கள். லினக்ஸ் மடிக்கணினி இருந்தால் இது போதும் (உங்கள் கார்டின் பெயர் `wlan0` இல்லையென்றால் மாற்றிக்கொள்ளுங்கள்):

```
iw dev wlan0 link
```

மீன் வளர்ப்பவர்: ஹாலுக்கும் படிப்பறைக்கும் நடுவில் 4 அடித் தொட்டி, அகலம் 30 செ.மீ. தண்ணீர் 2.4 கிகாவில்தான் அதிரும், மைக்ரோவேவ் அடுப்பே அப்படித்தான் வேலை செய்கிறது. அப்போ 5 கிகாவுக்கு மாறினால் தொட்டி தடையாகாதுதானே?

தண்ணீர் தின்னும் என்பது சரி. 2.4-இல் மட்டும் தின்னும் என்பது தவறு. அந்த எண்ணில் தண்ணீருக்குத் தனி அதிர்வு எதுவும் இல்லை. அலைவெண் ஏற ஏற, ஏறக்குறைய 20 கிகா வரைக்கும், உறிஞ்சுவது கூடிக்கொண்டே போகும். அறை வெப்பத்தில் நல்ல தண்ணீர் 2.4 கிகாவில் ஒரு செ.மீ.க்கு இரண்டரை டெசிபல் அளவுக்கு எடுத்துக்கொள்ளும், 5 கிகாவில் பத்தை ஒட்டி. 30 செ.மீ. தண்ணீரைத் துளைத்து 2.4-கூட வராது, 5-ஐப் பற்றிப் பேச்சே இல்லை. கடல் மீன் தொட்டி என்றால் உப்பு சேர்ந்து இன்னும் மோசம்.

ஆனாலும் படிப்பறையில் ஏதோ சிக்னல் வருகிறதே, அது தொட்டிக்கு மேலும் பக்கவாட்டிலும் சுற்றி வருவது. 2.4 கிகா அலை நீளமானது, ஓரத்தில் நன்றாக வளையும். அதனால் தொட்டியை வைத்துக்கொண்டே பிழைக்க வேண்டுமானால் 2.4-தான் உதவும். ரூட்டரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயர்த்திப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே தீர்வு.

மதுரைக் கடைக்காரர்: அண்ணே, நான் கேட்பது வீடு இல்லை. கடை வாசலுக்கு வெளியே வைஃபை கேமரா. பகலில் நல்லா ஓடுது, ராத்திரி பார்த்தா ஆஃப்லைன். கேமரா மாத்தணுமா?

ஷட்டர் இறக்கியதும் விழுகிறதா என்று பாருங்கள். ஷட்டரைப் பகலில் ஒரு முறை முழுசாக இறக்கி, பத்து நிமிடம் விட்டால் தெரிந்துவிடும். இரும்புத் தகடு அலையைத் தின்பதில்லை, அப்படியே திருப்பி அடிக்கும். பட்டைகள் ஒன்றோடொன்று கோத்திருப்பதால் நடுவில் சந்தும் இல்லை. கம்பி கேட் என்றால் இடைவெளியில் கொஞ்சமாவது ஒழுகும். ஷட்டரில் அந்த வழி இல்லை.

அதுதான் காரணம் என்றால், சக்தி கூடிய ரூட்டர் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். கேபிள் வழியே கரண்ட்டும் வாங்கும் கேமராவாக மாற்றி, பக்கச் சுவரில் துளை போட்டு கேபிளை வெளியே எடுங்கள். துளை வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும், இல்லையென்றால் மழைத் தண்ணீர் கடைக்குள் வரும். 8 மி.மீ. துளை கேபிளுக்குப் போதும், ஆனால் முனைப் பிளக் அதில் நுழையாது. முதலில் கேபிளை விட்டு, பிறகு பிளக்கை அழுத்தச் சொல்லுங்கள்.

திருச்சி வாசகி: ஹாலை ஒட்டின சுவரில்தான் எங்க பீரோ நிக்குது, கதவில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியைக் கழட்டினா சரியாகுமா?

பீரோவே இரும்பு, கண்ணாடியைக் கழற்றி ஒரு பலனும் இல்லை. கண்ணாடி தானே தடையாவது மேஜையிலோ குளியலறைச் சுவரிலோ இருக்கும்போதுதான். அங்கே அலையைத் திருப்புவது பின்னால் பூசிய வெள்ளிப் பூச்சு, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அவ்வளவு மெலிசு போதும். வெறும் ஜன்னல் கண்ணாடி அதிகம் தடுக்காது.

பீரோவின் நிழல் அதை ஒட்டித்தான் கருப்பு. இரண்டு மூன்று மீட்டர் தள்ளினால் ஓரங்களிலிருந்து வளைந்து வருவது கொஞ்சம் நிரப்பிவிடும். பீரோவை அடுத்த சுவருக்கு நகர்த்த முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் கணினி மேஜையை அந்த நிழலிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள்.

தஞ்சை வாசகர்: கார்த்திகை மழையில் எங்க வீட்டில் வைஃபை மந்தம். சுவர் நனைஞ்சதுதான் காரணம்னு நான் சொல்றேன்.

இருக்கலாம், நனைந்த சுவர் கூடுதலாக உறிஞ்சும். ஆனால் மழை நாளில் அக்கம்பக்கத்தில் எல்லாரும் வீட்டிலேயே இருப்பார்கள், அலைவரிசையும் நெரிசலாகும். dBm மாறாமல் வேகம் மட்டும் குறைந்தால் நெரிசல். dBm-ஏ குறைந்தால் சுவரைச் சந்தேகிக்கலாம்.

அதே வாசகர்: பார்த்தேன், 4 குறைஞ்சிருக்கு. ஆனா மழைக்கு இரும்பு ஜன்னல் கதவையும் சாத்தியிருந்தோம்.

4 என்பது போன் நகர்ந்தாலே வரக்கூடிய வித்தியாசம். இதை வைத்து சுவர் என்றும் சொல்ல முடியாது, ஜன்னல் என்றும் சொல்ல முடியாது. மழை நின்றதும், சுவர் காயும் முன்னால், ஜன்னலைத் திறந்தும் சாத்தியும் அதே இடத்தில் அளந்து எண்ணை எழுதுங்கள்.