இறங்குவது வலது, வலுவிழந்தது இடது

ஐயா,

அம்மாவுக்கு 61 வயது. ஆறேழு மாதமாக இடது இடுப்பின் வெளிப்பக்கம் வலி. நடக்கும்போது இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து நடக்கிறார். எலும்பு டாக்டர் அவரை இடது காலில் மட்டும் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தார். வலப்பக்க இடுப்புதான் கீழே இறங்கியது, என் கண்ணாலேயே பார்த்தேன். ஆனால் அவர் இடது இடுப்புத் தசை பலவீனம் என்கிறார். கைத்தடியை வலது கையில் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். வலிக்கிற பக்கம்தானே தடி வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் பக்கம் மாற்றிச் சொல்லிவிட்டாரோ?

ம.க., திண்டுக்கல்

அன்புள்ள ம.க.,

மாற்றிச் சொல்லவில்லை. தசையைப் பற்றியும் தடியைப் பற்றியும் அவர் சொன்னது சரிதான். இறங்கியது வலப்பக்கம் என்று நீங்கள் பார்த்ததும் சரி. குழப்பம் எங்கே வருகிறதென்றால், இறங்குகிற பக்கத்தைத் தாங்க வேண்டிய தசை அந்தப் பக்கத்தில் இல்லை, எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது.

கையை இடுப்பில் வைத்தால் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு விளிம்பு இருக்கிறதல்லவா, அதற்குக் கீழே, பேன்ட்டின் பக்கவாட்டுப் பாக்கெட்டுக்குச் சற்றுப் பின்னால், விசிறி மாதிரி விரிந்த ஒரு தசை இருக்கிறது. பெயர் க்ளூட்டியஸ் மீடியஸ். மேலே இடுப்பெலும்பின் வெளிப்பரப்பில் அகலமாகத் தொடங்கி, கீழே தொடை எலும்பின் வெளிப்பக்க மேட்டில் குறுகி முடிகிறது. ஒருக்களித்துப் படுத்தால் மெத்தையில் அழுந்துமே, அந்த மேடுதான். காலைப் பக்கவாட்டில் விரிப்பது இதன் வேலை என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் காலைப் பக்கவாட்டில் விரிக்க நமக்கு ஒரு நாளில் எத்தனை தடவை தேவைப்படுகிறது? இதன் உண்மையான உழைப்பு வேறு. கால் தரையில் ஊன்றி அசையாமல் நிற்கும்போது, இந்தத் தசை இடுப்பெலும்பைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. இடப்பக்கம் கீழே இழுபட்டால் வலப்பக்கம் மேலே நிற்கும். இழுக்கிற வலு குறைந்தால் வலப்பக்கம் தொங்கிவிடும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இதில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் மற்றதெல்லாம் தானே விளங்கும். அம்மாவின் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு காலிலும் நிற்கும்போது கால்கள் போக மீதி உடம்பு சுமார் 40 கிலோ, ஒரு மூட்டுக்கு 20 கிலோ. சரி, இப்போது வலது காலைத் தூக்குகிறார். தூக்கிய காலும் சுமையோடு சேர்ந்துகொள்கிறது. ஊன்றிய காலைக் கழித்தால் 50 கிலோ, அது முழுக்க இடது மூட்டின் மேல். அந்த எடை நேராக மூட்டின் மேல் இறங்கினாலும் பரவாயில்லை. உடம்பின் எடை மையம் நடுவில் இருக்கிறது, மூட்டோ ஓரத்தில் இருக்கிறது. இடைவெளி ஏறக்குறைய 10 செ.மீ. தசை பிடித்திருக்கும் இடமோ மூட்டுக்கு வெளியே 5 செ.மீ. தூரத்தில்தான். ஒரு கை நீளம், ஒரு கை குட்டையான தராசு இது. நீளமான கையில் 50 கிலோ தொங்கினால் குட்டைக் கையை 100 கிலோ விசையோடு இழுக்க வேண்டும். தசை இழுக்கும் 100, மேலிருந்து வரும் 50, இரண்டையும் மூட்டுதான் வாங்குகிறது. மொத்தம் 150 கிலோ. இரண்டு காலில் நின்றபோது 20 கிலோ சுமந்த மூட்டு இது.

அளவுகள் ஆளுக்கு ஆள் மாறும். தசையின் விசை முழுக்கச் செங்குத்தாக இருப்பதில்லை என்பதையும் நான் விட்டுவிட்டேன். ஆனாலும் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு என்பது உண்மைக்குப் பக்கத்தில்தான். உள்ளே அளவுக்கருவி பொருத்திய செயற்கை இடுப்பு மூட்டுகளை வைத்து, நடக்கும்போது விழும் விசையை நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். அங்கும் ஏறக்குறைய இதே அளவுதான் வந்தது.

அம்மா ஏன் இடப்பக்கம் சாய்கிறார் என்பதும் இதிலேயே இருக்கிறது. உடம்பை இடது மூட்டின் பக்கம் 5 செ.மீ. நகர்த்திவிட்டால் தராசின் இரண்டு கையும் சமமாகிவிடும். தசை 50 கிலோ இழுத்தால் போதும், மூட்டில் விழுவது 100 கிலோ. அதாவது மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. எனவே தயவுசெய்து "நேரா நட" என்று அவரைத் திட்டாதீர்கள். யாரும் சொல்லித்தராமல் உடம்பு தானே கண்டுபிடித்த வழி அது. ஆனால் நாள் முழுக்க இப்படி ஆடி நடந்தால் முதுகு வலிக்கும், சீக்கிரம் களைப்பும் வரும்.

இப்போது தடி. வலது கையில் பிடித்து வெறும் 5 கிலோ அளவுக்கு அழுத்துகிறார் என்று வைப்போம். தடி தரையில் ஊன்றும் இடம் இடது மூட்டிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கும். தூரம் அதிகம் என்பதால் அந்தச் சின்ன விசைக்கே பெரிய பலன். 50 கிலோவை 10 செ.மீ.யால் பெருக்கினால் 500. தடி அதில் 200-ஐத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 300-க்குத் தசை 60 கிலோ இழுத்தால் போதும். மூட்டில் விழுவது 105 கிலோ. ஐந்து கிலோ அழுத்தத்துக்கு 45 கிலோ தள்ளுபடி! சாயாமலே கிடைக்கிறது. அதே தடியை இடது கையில் பிடித்தால், அது மூட்டுக்கு வெளிப்பக்கம் நின்று உடம்பை மேலே தள்ளும். வலப்பக்கம் இன்னும் இறங்கத்தான் அது உதவும், தசைக்கு ஒரு சல்லிக்காசு லாபமில்லை. அந்தப் பக்கம் தடி பிடிப்பவர்கள் அதன் மேல் நன்றாகச் சாய்ந்துகொள்வதால்தான் ஏதோ சுகமாக இருப்பதாக உணர்கிறார்கள். முழங்கால் வலிக்கும் தடி எதிர்ப்பக்கக் கையில்தான் என்றாலும், இடுப்புக்காரர்களுக்கு இதில் தவறினால் நஷ்டம் அதிகம்.

காய்கறிப் பைக்கு மட்டும் இது தலைகீழ். தடி மேலே தள்ளுகிறது, பை கீழே இழுக்கிறது. 5 கிலோ பையை வலது கையில் தூக்கினால் அம்மாவின் இடது மூட்டில் சுமார் 195 கிலோ விழும். இடது கைக்கு மாற்றினால் 135-க்கு இறங்கிவிடும். பையே இல்லாதபோது இருந்த 150-ஐ விடவும் குறைவு! "வலிக்கிற பக்கம் பாரம் தூக்காதே" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். இடுப்பைப் பொறுத்தவரை அது பொருந்தாது.

டாக்டர் செய்த சோதனைக்கு ட்ரெண்டலென்பர்க் சோதனை என்று பெயர். ஃப்ரீட்ரிஷ் ட்ரெண்டலென்பர்க் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1895-இல் எழுதியது. அறுவை மேஜையில் தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்திப் படுக்கவைக்கும் நிலைக்கும் அவர் பெயர்தான். பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகிய பிள்ளைகள் வாத்து மாதிரி ஆடி நடப்பார்கள். தொடை எலும்பின் தலை இடுப்பில் மேலும் கீழும் வழுக்குவதால்தான் அந்த ஆட்டம் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். அவர் நோயாளிகளின் உடையைக் களையச் சொல்லிப் பின்னால் நின்று கவனித்தார். ஒவ்வொரு அடியிலும் தூக்கிய காலின் பக்கம் இடுப்பு தொங்குவதைக் கண்டு, காரணம் தசைதான் என்றார். அந்தப் பிள்ளைகளுக்குத் தசையில் நோய் எதுவும் இல்லை. மூட்டு மேலேறிவிட்டதால் தசையின் இரண்டு முனைகளும் நெருங்கித் தொய்ந்துபோய், இழுத்தாலும் பிடி கிடைப்பதில்லை.

வீட்டில் நீங்களே பார்க்க விரும்பினால் அம்மாவைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, விரல் நுனி மட்டும் சுவரைத் தொடட்டும். நீங்கள் பின்னால் ஸ்டூலில் உட்காருங்கள், கண் அவர் இடுப்பு மட்டத்தில் இருக்க வேண்டும். இடுப்பெலும்பின் விளிம்பில் இரண்டு கையையும் வையுங்கள். வலது முழங்காலை மடக்கிப் பாதத்தைப் பின்னால் தூக்கச் சொல்லுங்கள். தொடையை முன்னால் உயர்த்தவிடாதீர்கள், அது இடுப்பையும் சேர்த்துத் தூக்கி ஏமாற்றிவிடும். 30 நொடி நிற்கட்டும். முதல் பத்து நொடி சமாளித்துவிட்டு அப்புறம் தொங்குகிறவர்கள் நிறைய. தோளையும் பாருங்கள். தோள் இடப்பக்கம் நகர்ந்தால் இடுப்பு மட்டமாகத் தெரிந்தாலும் தசை தேறியதாக அர்த்தமில்லை, எடையை நகர்த்தித் தப்பிக்கிறார். நிற்கவே கடுமையாக வலித்தால் சோதனையை நிறுத்திவிடுங்கள். வலியே தசையை முடக்கும், அப்போது பார்த்ததை நம்ப முடியாது. நடக்கும்போது நாலைந்து பாகை இறங்குவது எல்லோருக்கும் உள்ளதுதான், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். (கடைத்தெருவில் முன்னால் போகிறவர்களை எல்லாம் இப்படி அளந்துகொண்டே நடப்பது எங்களைப் போன்ற பிசியோதெரபிஸ்டுகளின் தொழில் வியாதி.)

தசை ஏன் வலுவிழந்தது என்பதை எழுத்தில் படித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் இந்த வயதுப் பெண்களுக்கு வெளிப்பக்க வலியும் சாதாரண எக்ஸ்ரேயும் சேர்ந்து வந்தால், தசைநாண் நைந்திருப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லையா, அந்த மேட்டை அழுத்தினால் துள்ளுகிறாரா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆமென்றால், கால்மேல் கால் போட்டு உட்காருவதையும், வரிசையில் நிற்கும்போது ஒரு இடுப்பில் உடம்பைத் தொங்கவிட்டு நிற்பதையும் முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டிலும் நாண் எலும்பு மேட்டின் மேல் அழுந்துகிறது. நல்ல பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்க வேண்டும்.

இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். குதிகாலில் மட்டும் நின்று, பாதத்தின் முன்பகுதியைத் தூக்கியபடி அம்மாவால் நாலு அடி நடக்க முடிகிறதா? இடது பாதம் மட்டும் எழவில்லை என்றால், அல்லது பாதத்தின் மேற்புறம் மரத்திருந்தால், கோளாறு இடுப்பில் இல்லாமல் முதுகில் இருக்கலாம். இடுப்புத் தசைக்கும் பாதத்தைத் தூக்கும் தசைக்கும் போகும் நரம்புகளில் கீழ்முதுகின் ஐந்தாவது நரம்பு வேருக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படித் தெரிந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள்.

பயிற்சியை நேரில் பார்த்துத்தான் தர வேண்டும். ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சியைத் தந்திருந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கால்விரல்கள் கூரையைப் பார்த்தால் முன்பக்கத் தசைகள் அந்த வேலையைத் திருடிக்கொள்ளும். விரல்கள் முன்னால் பார்த்து, குதிகால் உடம்பின் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். இரண்டு மூன்று மாதமாவது ஆகும். அதுவரை தடி வலது கையிலேயே இருக்கட்டும். கை தொங்கும்போது பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்கு வர வேண்டும். அடியில் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். நடக்கும்போது தடியும் இடது காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும்.