15% தேய்மானத்தில் குறி எங்கே திரும்புகிறது?

கேள்வி: சிறிய அச்சகம் நடத்துகிறேன். தொழிலுக்காக 8 லட்சம் ரூபாயில் கார் வாங்கி மூன்று நிதியாண்டு முடிந்துவிட்டது. ஆண்டுக்கு 15% தேய்மானம். மதிப்பு 2 லட்சத்துக்குக் கீழே போனதும் விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். அது எந்த ஆண்டு என்று பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளைக் கேட்டேன். log போட்டு n < 8.53 என்று எழுதித் தந்தாள். அப்படியென்றால் இப்போதே 2 லட்சத்துக்குக் கீழே வந்திருக்க வேண்டுமே? ஆடிட்டர் தாளில் 4,91,300 என்று இருக்கிறது. யார் கணக்கில் தவறு?

பதில்: ஆடிட்டர் தாள் சரி. உங்கள் மகள் கண்டுபிடித்த 8.53 என்ற எண்ணும் சரி. நடுவில் இருக்கும் குறி மட்டும் தவறு. அது n > 8.53 என்று இருக்க வேண்டும். முழு ஆண்டுகளாகப் பார்த்தால், ஒன்பதாவது நிதியாண்டு முடிவில்தான் மதிப்பு 2 லட்சத்துக்குக் கீழே இறங்கும்.

நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் இந்தத் தவறை அதிகம் செய்கிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. அதனால் உங்கள் மகள் எழுதியிருக்கக்கூடிய வரிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒவ்வோர் ஆண்டும் 15 சதவீதம் போனால் மீதி 85 சதவீதம். அதனால் n ஆண்டுக்குப் பிறகு மதிப்பு 8,00,000 × 0.85ⁿ. இது 2,00,000-க்குக் கீழே போக வேண்டும். இரண்டு பக்கத்தையும் 8 லட்சத்தால் வகுத்தால்:

0.85ⁿ < 0.25

இப்போது இரண்டு பக்கமும் மடக்கை எடுக்கிறோம். பத்தை அடிமானமாகக் கொண்ட சாதாரண மடக்கையில் பெரிய எண்ணுக்குப் பெரிய மடக்கை, சிறிய எண்ணுக்குச் சிறிய மடக்கை. அதனால் இந்தப் படியில் குறி அப்படியே இருக்கும்:

n × log 0.85 < log 0.25

அடுத்து n-ஐத் தனியாக்க log 0.85-ஆல் வகுக்க வேண்டும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், log 0.85 = −0.0706. அது கழித்தல் எண். ஓர் அசமன்பாட்டைக் கழித்தல் எண்ணால் வகுத்தால் குறி திரும்பும் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். 2 < 6 என்பதை −2-ஆல் வகுத்தால் −1 > −3 என்று ஆகிறதல்லவா, அதேதான் இங்கேயும்:

n > log 0.25 ÷ log 0.85
n > (−0.6021) ÷ (−0.0706)
n > 8.53

தவறு ஒளிந்திருக்கும் இடம் இந்தக் கடைசி வகுத்தல். மேலேயும் கழித்தல், கீழேயும் கழித்தல், விடை கூட்டல் எண். இரண்டு கழித்தலும் ஒன்றையொன்று அடித்துவிட்டதால், கழித்தல் எண் ஒன்று இந்தக் கணக்குக்குள் வந்து போன தடமே தெரிவதில்லை. 8.53 என்று ஒழுங்கான விடை வந்ததும் மனம் திருப்தியடைந்துவிடுகிறது, குறியைத் திருப்பும் வேலை விட்டுப்போகிறது. மடக்கை அட்டவணையைப் புரட்டிய காலத்தில் இது இன்னும் மோசம். அட்டவணை வழியாகப் போனால் 0.85-இன் மடக்கையை ஒன்றின் தலையில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் .9294 என்று எழுதுவோம். −1-உடன் 0.9294-ஐக் கூட்டினால்தான் −0.0706. கழித்தல் குறி எண்ணுக்கு முன்னால் நிற்காமல் தலைக்கு மேலே ஒரு கோடாக இருந்ததால், பழகிய கண்ணே அதைத் தவறவிடும்.

விதியை மனப்பாடம் செய்வதைவிட, காரணம் புரிந்தால் பிறகு மறக்காது. 0.85-ஐ 0.85-ஆல் பெருக்கினால் 0.7225. இன்னொரு முறை பெருக்கினால் 0.6141. அடுக்கு ஏற ஏற எண் இறங்குகிறது. அடிமானம் ஒன்றுக்குக் கீழே, பூச்சியத்துக்கு மேலே இருந்தால் எப்போதும் இப்படித்தான். ஆகவே மதிப்பு 'இதைவிடக் குறைவாக' வேண்டும் என்றால் ஆண்டு 'இதைவிட அதிகமாக' ஓட வேண்டும். உங்கள் காருக்கு இது சொல்லாமலே தெரியும்: வண்டி பழசாகப் பழசாகத்தான் விலை குறையும். குறி திரும்புவதும் இதே விஷயம்தான், கணக்கின் மொழியில் எழுதியிருக்கிறோம்.

வங்கி வைப்புத்தொகையில் இந்தத் தொல்லை வராது. 7 சதவீத வட்டியில் பணம் எப்போது இரட்டிப்பைத் தாண்டும் என்றால் 1.07ⁿ > 2. log 1.07 = 0.0294, கூட்டல் எண். வகுத்தால் குறி திரும்பாமல் n > 10.24. ஆண்டுக்கு ஒரு முறை வட்டி சேர்ந்தால் பதினொன்றாம் ஆண்டு முடிவில் இரட்டிப்பைத் தாண்டியிருக்கும். பிள்ளைகள் பெரும்பாலும் இப்படி வளரும் கணக்குகளிலேயே பழகுவதால், தேயும் கணக்கு வரும்போது கை பழைய பழக்கத்திலேயே போய்விடுகிறது.

உங்கள் மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். குறி ஒரு முறைதான் திரும்ப வேண்டும். சிலர் 'அடிமானம் ஒன்றைவிடச் சிறியது' என்று மடக்கை எடுக்கும்போது ஒரு தடவை திருப்புவார்கள், அப்புறம் கழித்தல் எண்ணால் வகுக்கும்போது இன்னொரு தடவை திருப்புவார்கள். இரண்டு தடவை திருப்பினால் திருப்பாததற்குச் சமம், மறுபடியும் n < 8.53 தான் வரும். பத்து அடிமான மடக்கை எடுத்தால், எடுக்கும்போது திருப்பக் கூடாது, வகுக்கும்போது திருப்ப வேண்டும். 0.85-ஐயே அடிமானமாக வைத்து மடக்கை எடுத்தால், எடுக்கும்போதே திருப்ப வேண்டும். அப்போது இடது பக்கம் n மட்டும் நிற்பதால் வகுக்க வேண்டிய வேலையே இல்லை.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. மடக்கைக்குப் போகும் முன்பே இரண்டு பக்கத்தையும் தலைகீழாக்கிவிடுவேன். 0.85ⁿ < 0.25 என்பதைத் தலைகீழாக்கினால் (1/0.85)ⁿ > 4, அதாவது 1.1765ⁿ > 4. கூட்டல் எண்களைத் தலைகீழாக்கினால் சிறியது பெரியதாகும் என்பதால் குறி அங்கேயே, கண்ணுக்குத் தெரியும்படி திரும்பிவிடுகிறது. அதன்பிறகு வருவது வைப்புத்தொகைக் கணக்கு மாதிரிதான்.

எந்த வழியில் போனாலும் கடைசியில் ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். n < 8.53 என்றால் n = 1 அதில் அடக்கம். ஓர் ஆண்டு முடிவில் மதிப்பு 6,80,000. அது 2 லட்சத்துக்குக் கீழேயா? இல்லை. அவ்வளவுதான், விடை தவறு என்று தெரிந்துவிட்டது. நீங்கள் ஆடிட்டர் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் இதே சோதனைதான். சரியான விடையைச் சோதிக்க எல்லையின் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்: எட்டாம் ஆண்டு முடிவில் 2,17,992, ஒன்பதாம் ஆண்டு முடிவில் 1,85,294.

மடக்கைக்கு உள்ளே இருப்பதே தெரியாத எண்ணாக இருந்தால், அதாவது மதிப்பைப் பார்த்து வயதைச் சொல்ல வேண்டும் என்றால், அங்கேயும் இதே திருப்பம் உண்டு. மீதி விகிதம் x என்றால் வயது = log₀.₈₅ x. 'ஐந்து ஆண்டுக்குக் குறைவான வண்டி' என்பது log₀.₈₅ x < 5. அதன் விடை x > 0.85⁵, அதாவது x > 0.4437. 8 லட்ச ரூபாய் வண்டியில் ஏறக்குறைய 3,54,964-க்கு மேல். மாறாக 'ஐந்து ஆண்டுக்கு மேல்' என்றால் x < 0.4437 என்று மட்டும் எழுதினால் போதாது, 0 < x < 0.4437 என்று எழுத வேண்டும். பூச்சியத்துக்கும் கழித்தல் எண்ணுக்கும் மடக்கை கிடையாது. தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் அந்தப் பூச்சியத்தை எழுதாததால்தான்.

சரி, இனி உங்கள் பணத்துக்கு வருவோம். வருமான வரிக் கணக்கில் ஒரு சொத்தை வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால், அந்த ஆண்டுக்குப் பாதித் தேய்மானம்தான், அதாவது 7.5 சதவீதம். உங்களுக்கு அது பொருந்தவில்லை. முதல் ஆண்டே முழு 15 சதவீதம் கழிந்திருப்பதால்தான் மூன்றாம் ஆண்டு முடிவில் 4,91,300 வருகிறது. இதே காரை மார்கழியில் வாங்கியிருந்தால் கணக்கு 0.925 × 0.85ⁿ⁻¹ < 0.25 என்று ஆகியிருக்கும். அதைத் தீர்த்தால் n − 1 > 8.05, ஆகவே பத்தாவது ஆண்டு. ஒன்பதாம் ஆண்டு முடிவில் 2,01,643 நிற்கும், எல்லைக்கு மேலே வெறும் 1,643 ரூபாய். 8.05-ஐ 'கிட்டத்தட்ட 8' என்று சுருக்கி எழுதினால் ஓர் ஆண்டு பிசகிவிடும் இடம் இது. குறி n − 1 > என்று இருக்கும்போது பின்னம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மேலே உள்ள முழு எண்ணுக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் 2 லட்சம் என்ற அந்த எல்லைக்காக நீங்கள் காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தேய்மானம் போக நிற்கும் மதிப்பும் சந்தை விலையும் வேறு வேறு. வரிச் சட்டம் ஒவ்வொரு சொத்தையும் தனியாகப் பார்ப்பதில்லை, ஒரே வகையில் ஒரே விகிதத்தில் தேயும் சொத்துகளை ஒரு தொகுப்பாகச் சேர்த்துவிடுகிறது. உங்கள் அச்சு இயந்திரமும் 15 சதவீதத்தில் இருந்தால், காரும் அதுவும் ஒரே தொகுப்பில்தான் இருக்கும். காரை விற்ற பணம் அந்தத் தொகுப்பின் மதிப்பிலிருந்து கழியும், அடுத்து வரும் தேய்மானம் அந்த அளவுக்குக் குறையும், அவ்வளவுதான். கார் மட்டுமே தனித் தொகுப்பாக இருந்து, மதிப்பு 1,85,294-க்கு இறங்கிய பிறகு அதை 3 லட்சத்துக்கு விற்றால், கூடுதலாக வந்த 1,14,706 ரூபாய் குறுகிய கால மூலதன ஆதாயமாகி வரிக்குள் வரும். விற்கும் விலை அதேதான் என்றால், புத்தகத்தில் மதிப்பு இறங்கியிருக்க இறங்கியிருக்க அந்த ஆதாயம் கூடுமே தவிரக் குறையாது.

ஆகவே ஆடிட்டரைப் பார்க்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். 15 சதவீதத் தொகுப்பில் காரோடு வேறு என்னென்ன இருக்கின்றன? மொத்தத் தொகுப்பின் இன்றைய மதிப்பு எவ்வளவு? அப்புறம் பழைய கார் வாங்குகிறவர் ஒருவரிடம் இன்றைய விலையை விசாரியுங்கள். பழுதுபார்க்கும் செலவு ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு ஏறுகிறது என்பதையும் எழுதி வையுங்கள். எப்போது விற்பது என்பதை அந்த எண்களை வைத்து முடிவு செய்யுங்கள். மகளின் தாளில் அந்தக் குறியை மட்டும் திருப்பிப் போடச் சொல்லுங்கள், மற்ற எல்லா வரியும் சரியாகவே இருக்கிறது.