அடுப்புப் புகையும் கண்ணெரிச்சலும்: மலைவீட்டுக் கேள்விகள்

குன்னூரில் பல ஆண்டுகளாகக் கண் பரிசோதனைப் பணியில் இருக்கும் எங்கள் உறுப்பினர் பதிலளிக்கிறார்.

"அம்மாவுக்கு மூன்று மாதமாக இரண்டு கண்ணிலும் நீர் வடிகிறது. கடையில் கண் வறட்சிக்கான சொட்டு மருந்து கொடுத்தார்கள். மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?" (கோத்தகிரி)

மாற்றிக் கொடுக்கவில்லை, அம்மா. கண்ணீரின் மேல் இமை விளிம்பிலிருந்து சுரக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருந்து, நீர் ஆவியாகாமல் காக்கிறது. விறகுப் புகையில் உள்ள அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்கள் கண்ணின் மேற்பரப்பை நாள்தோறும் உறுத்தும்போது அந்தப் படலம் நிலைகுலைகிறது, கண் காய்கிறது, காய்ந்த கண் உறுத்தலைத் தாங்காமல் வெறும் நீராகக் கொட்டுகிறது. அந்த நீர் கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடுவதால் வறட்சி அப்படியே இருக்கிறது. அம்மா இரண்டு நாள் அடுப்படிக்குப் போகாதிருக்கும்போது குறைந்தால் காரணம் பெரும்பாலும் புகைதான். காலையில் இமைகள் மஞ்சள் பீளையால் ஒட்டிக்கொண்டால் அது தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

"ஜன்னலில் குளிருக்காகப் பிளாஸ்டிக் தாள் அடித்திருக்கிறோம். போன வாரம்தான் சீகை விறகு வாங்கினோம். ஊதி ஊதித்தான் எரிய வைக்கிறார்." (அதே மகள்)

நீங்கள் சொன்ன மூன்றும் சேர்ந்துதான் அம்மாவின் கண்ணைப் பாதிக்கின்றன. புதிதாக வெட்டிய விறகில் பாதிக்கு அருகில் நீர்தான் இருக்கும். அது வற்றும்வரை விறகு சுடர்விடாமல் கனன்று புகைகிறது, அம்மாவும் ஊதுகுழலுடன் அந்தப் புகைக்குள் முகத்தைக் கொண்டுபோகிறார். எரியும்போது விறகின் முனையில் நுரை கட்டிச் சீறினால் அது ஈர விறகு. காய்ந்த விறகின் முனையில் வெடிப்பு இருக்கும். இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல், தாழ்வாரத்தின் கீழ் இடைவெளி விட்டு அடுக்குங்கள். நம் ஊர் மழைக்கு ஆறு மாதமாவது ஆகும் என்பதால் அடுத்த பருவத்துக்கான விறகை இப்போதே வாங்குவது நல்லது. அதுவரை பிளாஸ்டிக் தாளின் மேல்பகுதியைக் கிழித்துவிடுங்கள். கதவின் கீழ்வழியாக வரும் காற்று புகையை அந்த வழியாக மேலே தள்ளிவிடும். குளிர் கொஞ்சம் வரத்தான் செய்யும். தீ மூட்டும் நேரத்திலாவது திறந்திருக்கட்டும்.

"புகைக்கூண்டு வைத்தால் எல்லாம் தீரும் என்பீர்கள். நான் கட்டிய நாலு வீட்டில் புகை திரும்பி உள்ளேதான் வந்தது." (கொத்தனார், கொடைக்கானல்)

உங்கள் அனுபவம் சரியானது, ஐயா. சரிவில் மோதும் காற்று கூரைமுகட்டைத் தாண்டிக் கீழே அழுத்தும்போது குட்டையான கூண்டில் புகை திரும்பும். கூண்டின் வாய் முகட்டைவிட இரண்டடியாவது உயர்ந்திருக்க வேண்டும். கரி படிந்து வழி குறுகினாலும் இதே தொல்லை வரும் என்பதால் மாதம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அப்படியும் சில சரிவுகளில் தீராது. அங்கே நீங்கள் செய்து பார்த்ததை எழுதுங்கள்.

"கண்ணீரே புகையைக் கழுவிவிடுமே. நான் பன்னீரும் விடுகிறேன், குளுகுளுவென்று இருக்கிறது." (ஊட்டி)

முதல் பாதி உண்மை; கண்ணீர் கரித்துகளைக் கழுவுகிறது. பன்னீர் கண்ணுக்காகக் கிருமி நீக்கித் தயாரிக்கப்படுவதில்லை, வாசனைப் பொருளும் கலந்திருக்கலாம். கொதித்து ஆறிய நீரில் நனைத்த துணியை மூடிய இமைமேல் ஐந்து நிமிடம் வைத்தால் அதே குளிர்ச்சி கிடைக்கும். சிவப்பு உடனே மறைய ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை நீங்களாகவே வாங்கி விடாதீர்கள். தொடர்ந்து விட்டால் கண்ணழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடக்கூடும்.

"எங்கள் வீட்டில் கேஸ் அடுப்புதான். தினமும் பைக்கில் கோவை போகிறேன், வலது கண் மட்டும் குத்துகிறது." (மேட்டுப்பாளையம் சாலையில் செல்பவர்)

புகை இரு கண்ணையும் ஒருசேர எரிக்கும். ஒரு கண் மட்டும் குத்தினால் சாலைத் துகள் ஒன்று மேலிமைக்கு உள்ளே ஒட்டி, இமைக்கும் ஒவ்வொரு முறையும் கருவிழியைக் கீறுகிறதோ என்று முதலில் சந்தேகிப்பேன். தேய்க்காமல், கைக்குட்டை முனையை விடாமல், சுத்தமான நீரை ஊற்றியபடி இமையுங்கள். அப்படியும் உறுத்தல் போகாவிட்டால், அல்லது வெளிச்சம் கூசினால், அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். இனி ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள்.

"கரி அடுப்பில் புகையே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டால் கண்ணும் எரியாது, குளிரும் காயலாமே?" (கூடலூர்)

கண் எரியாது என்பதுதான் அதில் உள்ள ஆபத்து. கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, எரிச்சலும் இல்லை. மூடிய அறையில் தூங்குபவர் எழாமலே போகலாம். படுக்கையறையில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

"என் பாட்டிக்குக் கண்புரை வந்தது விறகடுப்பால்தானா?" (பழனி மலை அடிவாரம்)

விறகில் சமைக்கும் பெண்களிடம் கண்புரை கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் முதுமை, வெயில், சர்க்கரை நோய் ஆகியவற்றையும் ஒதுக்க முடியாது. உங்கள் பாட்டி ஒருவரின் கண்ணைப் பார்த்து இதனால்தான் என்று என்னால் சொல்ல இயலாது. அறுவை சிகிச்சை முடிந்திருந்தால், முதல் சில வாரங்கள் அடுப்படிப் புகை அவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.