ஜெர்மனியில் ஹாஸ்டல் செலவும் மெஸ் கணக்கும்

"அண்ணா, மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனி வருகிறேன். ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு ஒதுக்குவது? நாலு பேர் சேர்ந்து சமைக்கும்போது யாராவது மாதப் பாதியில் கிளம்பினால் கணக்கை எப்படி முடிப்பது?"

தம்பி, மாத வாடகையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதே. உதாரணத்துக்கு வாடகை 350 யூரோ, அட்வான்ஸ் இரண்டு மாத வாடகை என்றால், சாப்பாட்டுக்கு முன்பே முதல் மாதம் 1050 போய்விடும். விசாவுக்காக முடக்கிவைக்கும் 11,904 யூரோவிலிருந்து மாதம் 992தான் கைக்கு வரும். அதனால் அட்வான்ஸ் பணத்தைத் தனியாகக் கொண்டு வா. காலி செய்தாலும் அது உடனே திரும்பாது. வாடகையில் ஹீட்டரும் தண்ணீரும் சேர்த்தியா என்றும் கேள். ரேடியோ, டிவி கட்டணம் மாதம் 18.36 யூரோ. அது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. ஒரே வீட்டைப் பகிர்ந்தால் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் பங்கு கொடுத்துவிடலாம்.

சரி, மெஸ். சண்டை வருவது இங்கேதான். மாதச் செலவை நாலாக வகுத்தால், பத்து நாள் சாப்பிட்டவனும் முப்பது நாள் சாப்பிட்டவனும் ஒரே தொகை கட்ட வேண்டி வரும். பில் போட்ட அன்று இருந்தவர்களுக்கு மட்டும் பிரிப்பதும் சரிவராது. மூன்றாம் தேதி வாங்கிய அரிசி மூட்டையை, பத்தாம் தேதி கிளம்புகிறவன் முழுதாகவா தின்றான்?

ஆள்-நாள் கணக்குதான் நியாயம். ஒரு மாதம் மளிகை, காய்கறிக்கு 500 யூரோ ஆனது என்று வை. இருவர் 30 நாள், ஒருவர் 20, ஒருவர் 10 நாள் சாப்பிட்டார்கள். மொத்தம் 90 ஆள்-நாள். மாதக் கடைசியில் மிச்சமுள்ள அரிசி, பருப்பு, எண்ணெய் 50 யூரோ பெறும் என்றால், தின்றது 450. நாளுக்கு 5 யூரோ. பத்து நாள் ஆளுக்கு 50, இருபது நாள் ஆளுக்கு 100. மீதி இருவருக்கும் தலா 150, அதோடு மிச்சச் சரக்கு அவர்களுக்கே என்பதால் இன்னும் 25. கூட்டிப் பார், 500 வரும்.

இன்டர்நெட், டிவி கட்டணத்தை இதில் கலக்காதே. அது தின்றால் குறைகிற பொருள் இல்லை, அந்த மாதத்துக்கு நால்வருக்கும் சமமாகவே போக வேண்டும். அது 60 யூரோ என்றால் பத்து நாள் ஆளின் பங்கு 65. அவர் ஏற்கெனவே 120க்குச் சாமான் வாங்கியிருந்தால் 55 திரும்பக் கொடுக்க வேண்டும்.

மதியம் பல்கலைக்கழகக் கேன்டீனில் சாப்பிடுகிறவர்கள் உண்டு, அதனால் மதியத்தையும் இரவையும் தனித்தனி அரை நாளாக ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் குறியுங்கள். வராதது முந்தின இரவே சொன்னால்தான் கழிவு. விருந்தாளி வந்தால் அழைத்தவர் கணக்கில்.

கிளம்புகிறவர் இருக்கும்போதே சரக்கை எண்ணி, உத்தேசமாக விலை போட்டு முடித்துவிடுங்கள். மாதக் கடைசி வரை காத்திருந்தால் அதற்குள் அவர் இங்குள்ள வங்கிக் கணக்கையே மூடியிருப்பார். அப்புறம், மெஸ் கணக்கு முடிந்தாலும் ஹாஸ்டல் வாடகை முடிந்ததாகாது. ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலம் வரை கட்டியாக வேண்டும். சில இடங்களில் அறைக்கு அடுத்த ஆளைக் கொடுத்தால் முன்னதாக விடுவார்கள், கையெழுத்துப் போடும்போதே கேட்டுவிடு.